உம் கொட்டுகிறவர் கையில் இருக்கிறது கதையின் நீளம்

தப்பான காரில் ஏறி உட்கார்ந்த கதையை நான் முதன்முதலில் ஒரு நண்பனுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். நேரில் சொல்லியிருந்தால் அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது. போன் காட்டிக்கொடுத்துவிட்டது: 4 நிமிடம் 10 வினாடி. பதிலுக்கு அவன் ஒரே வரி அனுப்பினான். "சரி, கடைசில டாக்சி கிடைச்சுதா இல்லையா?"

கதையில் டாக்சி கிடைத்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. அவன் சிரித்திருக்க வேண்டிய இடத்துக்கு முன்பே கவனம் போய்விட்டது. திரும்பக் கேட்டுப் பார்த்தேன். நான் காருக்குள் ஏறுவதற்கே 2 நிமிடம் 40 வினாடி ஆகியிருந்தது.

அதே கதையை இப்போது ஒன்றேகால் நிமிடத்துக்குள் சொல்கிறேன். சில சமயம் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். இந்த இரண்டுக்கும் நான் பழகிக்கொண்ட வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மேடைப் பேச்சுக்கு இது உதவாது. மேடையில் கேட்பவர் எழுந்து போக முடியாது, குறுக்கே பேசவும் மாட்டார். நான் சொல்வது நான்கு பேர் உட்கார்ந்து பேசும்போது நடுவில் வரும் சின்னக் கதைகளைப் பற்றி.

கடைசி வரியை முதலில் எடுத்து வையுங்கள்

என் கதை இதுதான். டாக்சிக்குப் பதிவு செய்துவிட்டு வாசலில் நின்றேன். வெள்ளை கார் வந்தது. போனைப் பார்த்தபடியே பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர் "போலாமா?" என்றார், நான் "போலாம்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். காதில் ஒயர். மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதே நேரம் முன் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி வந்தார். "யாருங்க இது?" என்றார். அவர், "எனக்கும் தெரியல."

"எனக்கும் தெரியல" என்பதுதான் கடைசி வரி. அதற்கப்புறமும் நடந்தது: மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் சிரித்தார்கள், என் டாக்சி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது. நடந்தவைதான், ஆனால் கதைக்குள் வர வேண்டியவை அல்ல. எந்த வரியில் வாயை மூடப் போகிறோம் என்று தெரியாமல் தொடங்குகிறவர்தான் முடிக்கத் தெரியாமல் சுற்றுகிறார். "அப்படித்தான்... ஆமா... அதனால... என்னத்தைச் சொல்ல" என்று தேய்ந்து முடியும் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். சொன்னவருக்கு இறங்குமிடம் தெரிந்திருக்கவில்லை.

கடைசி வரி கையில் இருந்தால் வெட்டுவது எளிது. அந்த வரி கேட்பவருக்குச் சுருக்கென்று உறைக்க என்னென்ன முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் பாருங்கள். என் கதைக்கு மூன்று போதும்: டாக்சிக்காக நின்றேன், வந்தது வெள்ளை கார், என் கண் போனில் இருந்தது. வாய்ஸ் மெசேஜில் இவை தவிர என் பைக் ஏன் சர்வீசுக்குப் போனது, அந்த அலுவலகத்தில் எனக்கு என்ன வேலை, மூன்று நிமிடத்தில் வரும் என்று காட்டிய டாக்சி எப்படி ஏழு நிமிடமானது எல்லாம் இருந்தன. அதைவிட மோசமாக இதுவும் இருந்தது: "செவ்வாய்க்கிழமை... இல்ல இல்ல, புதன். செவ்வாய் எனக்கு மீட்டிங் இருந்துச்சே, அப்ப புதன்தான்." கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோலக் கிழமையைச் சரிசெய்ய எட்டு வினாடி போயிருக்கிறது. யாரும் கேட்காத தகவலில் தவறு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்காக எலும்பு மட்டும் மிஞ்சும்வரை வெட்டிவிடவும் கூடாது. பின் சீட்டில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்ல இந்தப் பாட்டில் தேவையில்லை. ஆனால் அதைச் சொன்னதும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது: அது டாக்சி இல்லை. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை. அடுத்த இருபது வினாடி அவர் என்னைவிட ஒரு படி முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார். பைக் சர்வீஸ் எவ்வளவு விவரமாக இருந்தாலும் அதைச் செய்யாது. ஒரு தகவலை வைத்துக்கொள்வதா வெட்டுவதா என்று குழம்பினால், அது கடைசி வரியை நோக்கித் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

தொடங்கும்போதே எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்

சாதாரணப் பேச்சில் ஆளுக்கு ஒன்றிரண்டு வாக்கியம்தான் முறை. கதை சொல்ல அதைவிட நீளமான முறை வேண்டும். அதை மற்றவர்களிடம் கேட்டுத்தான் வாங்க முடியும். "நேத்து ஒரு கூத்து நடந்துச்சு" என்பது அந்த விண்ணப்பம்தான். "என்ன ஆச்சு?" என்று யாராவது சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டது.

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் கலிபோர்னியாவில் அன்றாட உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து வரிவரியாக ஆராய்ந்த ஹார்வி சாக்ஸ் இந்த முன்வாக்கியத்தில் இன்னொரு வேலையையும் கண்டார். கதை எப்போது முடிந்தது என்று கேட்பவர் அடையாளம் காண அதுதான் உதவுகிறது. "கூத்து" என்று சொன்னால் கூத்து வரும்வரை காத்திருப்பார், வந்ததும் சிரிப்பார். "பயங்கரமான விஷயம்" என்றால் பயங்கரத்துக்குக் காத்திருப்பார். எதுவும் சொல்லாமல் "நேத்து நான் ஒரு வேலையா வெளிய போயிருந்தேன்" என்று தொடங்கினால், எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அப்போது அரை நிமிடம்கூட நீளமாகப் படும்.

என் முன்வாக்கியம்: "நேத்து முன்பின் தெரியாதவர் கார்ல ஏறி உட்கார்ந்துட்டேன்." என்ன நடந்தது என்பதை உடைத்துவிடுகிறேனே என்று முதலில் தயங்கினேன். உடைத்தால் பரவாயில்லை. எப்படி நடந்தது, எப்படிப் பிடிபட்டேன் என்பவை இன்னும் கையில் இருக்கின்றன. செய்யக்கூடாதது "கேட்டா விழுந்து விழுந்து சிரிப்ப" என்ற வகை. அது கடன் வாங்குவது மாதிரி. கதை நன்றாக இருந்தாலும் வட்டி கட்டவே சரியாகிவிடும்.

அனுமதி கிடைக்காமலும் போகலாம். "ஓஹோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொருவர் வேறு பேச்சுக்குப் போனால் அந்தக் கதையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓடுவது, எங்கே நிற்பது

வேகம் என்றால் வேகமாகப் பேசுவது என்று நினைத்து மூச்சிரைக்கப் பேசுகிறவர்கள் உண்டு. நான் சொல்வது, நடந்த நேரத்துக்கும் சொல்லும் நேரத்துக்கும் உள்ள விகிதம். வாசலில் ஏழு நிமிடம் நின்றேன், அது ஒரு வாக்கியம். காருக்குள் இருந்தது மொத்தம் அரை நிமிடம்கூட இல்லை, ஆனால் கதையில் முக்கால் பங்கு அதுதான்.

மொழியியலாளர் வில்லியம் லபோவ், உயிர் போகும் ஆபத்தில் சிக்கியிருக்கிறீர்களா என்று மக்களிடம் கேட்டுக் கதைகளைச் சேகரித்தார். நன்றாகச் சொல்லப்பட்ட கதைகளில், உச்சத்துக்குச் சற்று முன்பு சொல்பவர் நடப்பை நிறுத்தி வைப்பதை அவர் கவனித்தார். அப்போது மனதில் என்ன ஓடியது, அது ஏன் பெரிய விஷயம் என்பதெல்லாம் அந்த இடத்தில் வரும். கேட்பவர் அடுத்தது என்ன என்று தவிக்கும் இடம் அது. அங்கே நிறுத்தினால் பொறுத்துக்கொள்வார். தவிப்பு உண்டாகாத இடத்தில் நிறுத்தினால் அது வெறும் தாமதம்.

என் கதையில் அந்த இடம் அவர் "போலாமா?" என்று கேட்பதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் நடுவில் இருக்கிறது. இப்போது இப்படிச் சொல்கிறேன்:

"அவர் 'போலாமா?'ன்னார். நான் தலையைத் தூக்காமலே 'போலாம்'னேன். வண்டி நகரல. 'சீக்கிரம் வா'ன்னார். எனக்குக் கோபம். நான்தான் வந்துட்டேனே, அதுவும் என்ன 'வா போ'ன்னு பேசுறான்னு. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் கண்ணாடில என்னைப் பார்க்கிறார்."

இங்கே ஒரு மூச்சு நிறுத்துவேன். "காதுல ஒயர்."

காதில் ஒயர் இருந்ததை இதற்கு முன் சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது. மறைப்பது தந்திரம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இல்லை, எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கு எந்த வரிசையில் தெரியவந்ததோ அந்த வரிசையில் சொன்னால் பெரும்பாலும் வேகம் தானே அமைந்துவிடும். பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கொண்டுபோய் வைப்பதுதான் கதையைக் குப்புறத் தள்ளுகிறது. "அவர் பொண்டாட்டிகிட்ட பேசிட்டிருந்தார் போல, அது எனக்குத் தெரியாது, நான் என்ன நினைச்சேன்னா" என்றுதான் முதல்முறை சொல்லியிருந்தேன்.

இன்னொன்று: நிற்கும் இடத்தில் ஆட்களை நேரடியாகப் பேச விடுங்கள். "நான் யார் என்று அவர் மனைவி கேட்டார்" என்பதைவிட "யாருங்க இது?" சிறியது, வேகமானது, குரலும் கூடவே வருகிறது.

உம்களைத் தரம் பிரியுங்கள்

இதுவரை சொன்னதைக் கதைக்கு முன்பே யோசித்து வைக்கலாம். இனி வருவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது.

கதை கேட்பவர் உம் கொட்ட வேண்டும் என்பது நம் மொழியில் பழைய வழக்கு. உம் நின்றால் தூங்கிவிட்டார் என்று பொருள். பெரியவர்கள் தூங்குவதில்லை, அதனால் அவர்கள் உம்மை நிறுத்துவதும் இல்லை. மாற்றுகிறார்கள். அந்த மாற்றத்தைக் கேட்கப் பழக வேண்டும்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பெவலாஸும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்கு மிகவும் உதவியது. மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய கதைகளைச் சொல்ல வைத்து, கேட்பவரின் எதிர்வினையை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். தலையாட்டல், "உம்" போன்றவை எந்தக் கதைக்கும் பொருந்தும் பொது எதிர்வினை. முகம் சுளிப்பது, "அய்யோ" என்பது, சொல்பவர் தேடும் சொல்லை எடுத்துக்கொடுப்பது ஆகியவை அந்தக் கதையின் அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்துபவை. பிறகு சில கேட்பவர்களுக்கு ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள்: கதையில் ஆங்கிலத்தின் 'T' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்கள், ஆனால் கதையைப் பின்தொடர முடியவில்லை. இரண்டாம் வகை எதிர்வினை பெரிதும் குறைந்தது. எதிரில் இருந்தவர் கதையைச் சொல்வதும் கெட்டது. குறிப்பாக முடிவில் தடுமாறினார்கள். முடித்ததையே திரும்ப முடித்தார்கள், அது ஏன் ஆபத்தான விஷயம் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

எனக்கு உறைத்தது அந்தக் கடைசிப் பகுதிதான். கேட்பவர் கழன்றுகொள்ளும்போது நம் நாக்கு சுருக்கப் பார்க்காது, நீட்டத்தான் பார்க்கும். சிரிப்பு வராத இடத்தில் இன்னும் கொஞ்சம் சொன்னால் வரும் என்று தோன்றும். அதனால் நீளும் கதைகள் பெரும்பாலும் நடுவில் நீள்வதில்லை, முடிந்த பிறகு நீள்கின்றன.

எனவே கேட்க வேண்டியது இது. கதை நகர நகர எதிர்வினையும் மாறுகிறதா? தண்ணீர் பாட்டில் வரும்போது "அட" என்று ஒன்று, "சீக்கிரம் வா" வரும்போது புன்னகை என்று இடத்துக்கு இடம் வேறாக இருந்தால் அவர் கூடவே வருகிறார். ஒரே தொனியில், ஒரே இடைவெளியில் "உம்... உம்... உம்" என்று வந்தால் அது கடிகாரம். உம் உங்கள் வாக்கியம் முடியும் முன்பே விழத் தொடங்கினால், "ஆமாமா", "சரி சரி" என்று இரட்டையாக விழுந்தால், உங்களை முடிவுக்கு நகர்த்தப் பார்க்கிறார்.

"அப்புறம்" என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள், அதற்கு இரண்டு முகம். குரல் ஏறி, கண் உங்கள் மேல் இருந்து "அப்புறம்?" என்றால் தொடரச் சொல்கிறார். குரல் தாழ்ந்து, இழுத்து, "அப்புறம்ம்... வேற?" என்றால் கதையை மூடிக் கையில் கொடுக்கிறார். இந்த இரண்டாவது அப்புறத்துக்கு "அப்புறம் என்ன ஆச்சுன்னா" என்று பதில் சொல்லி அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கியவன் நான்.

உங்களுக்கு முன்பே அவர் முடிவுரை சொல்லிவிடுவதும் உண்டு. "நல்லவேளை, ஒண்ணும் ஆகலயே." "இப்பல்லாம் இப்படித்தான்." கேட்க இதமாக இருக்கும். கதையின் நடுவில் வந்தால் அதற்குப் பொருள், போதும் என்பதுதான்.

கண்ணையும் காலையும் பார்த்துச் சலிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. சிலர் காட்சியை மனதில் ஓட்டும்போது வேறெங்கோதான் பார்ப்பார்கள். சிலர் மரியாதைக்காக விழி அகலாமல் பார்த்துக்கொண்டே மனதுக்குள் நாளைய வேலையைப் பட்டியலிடுவார்கள். முகம் பழகிய நடிகர், உம்முக்கு நடிப்பு வராது.

சந்தேகம் வந்தால் நிறுத்திப் பாருங்கள்

உம்மை வைத்து முடிவு செய்ய முடியாதபோது ஒரு சோதனை இருக்கிறது. அடுத்தது இருக்கிறது என்று தெரியும்படியான ஓர் இடத்தில் நிறுத்துங்கள். என் கதையில் "வண்டி நகரல" என்பது நல்ல இடம். நிறுத்தி ஒரு மூச்சு இழுங்கள், எதையாவது குடியுங்கள்.

ஒரு வினாடி போதும். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். தமிழ் அதில் இல்லை. சராசரி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பழக்கத்தில் இருக்கும் காதுகளுக்கு முழு ஒரு வினாடி என்பது அகலமாகத் திறந்த கதவு.

"ஏன், என்ன?" என்று யாராவது இழுத்தால் தொடருங்கள். இப்போது மறு அனுமதியும் கிடைத்துவிட்டது. யாரோ ஒருவர் அந்தக் கதவு வழியாக வேறு பேச்சைக் கொண்டுவந்தால் அதோடு போய்விடுங்கள். "இரு, நான் முடிச்சுடறேன்" என்று சொன்னால் முடிக்கத்தான் விடுவார்கள், கேட்க மாட்டார்கள். பிறகு யாராவது "நீ ஏதோ சொல்லிட்டிருந்தியே" என்று திரும்பி வந்தால் மட்டும் எடுங்கள்.

யாரும் எதுவும் செய்யாமல் சும்மா பார்த்தால், ஒரே வாக்கியத்தில் இறங்கிவிடுங்கள்: "கடைசில பார்த்தா அது டாக்சியே இல்ல, யாரோ ஒருத்தர் குடும்பத்தோட கிளம்பின கார்." அவ்வளவுதான். உடனே அவர்கள் பக்கம் பேச்சைத் தள்ள ஒரு கேள்வி வேண்டும். கதையிலிருந்தே எடுத்தால் நல்லது: "உனக்கு இப்படி ஆள் மாறினது உண்டா?"

"போரடிக்கிறேனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சே சே, சொல்லு" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் சொல்ல யாருக்கும் நாகரிகம் இடம் கொடுக்காது. அந்தப் பதிலை நம்பி இன்னும் இரண்டு நிமிடம் போவீர்கள்.

இரண்டு இடத்தில் இந்தச் சோதனை சரியாக வராது. போனில் பேசும்போது இணைப்பு தாமதத்தால் உம் பிந்தி வரும். பிந்துவதை வைத்துச் சலிப்பு என்று எண்ணாமல், தொனி மாறுகிறதா என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு மேலதிகாரியாகவோ கீழே வேலை செய்பவராகவோ இருப்பவரிடமும் கவனம் தேவை. கீழே இருப்பவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அவரிடம் கதையைப் பாதியாக்கிச் சொல்லுங்கள், சோதனையே வேண்டாம்.

முடித்தபின் வாயைத் திறக்காதீர்கள்

"எனக்கும் தெரியல" என்று சொன்ன பிறகு வரும் அமைதி நீளமாகத் தெரியும். அதில்தான் கையிருப்பு எல்லாம் கொட்டும்: என் முகத்தைப் பார்த்திருக்கணும், அப்புறம் மன்னிப்புக் கேட்டேன், உண்மையான டாக்சி பின்னாடியே நின்னுட்டிருந்தது. மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். சிரிப்போ கேள்வியோ அவர்களுடைய கதையோ வரும். டாக்சியைப் பற்றி யாராவது கேட்டால் அப்போது சொல்லுங்கள். கேட்டு வாங்கிய தகவலுக்கு நீளக் கணக்கு இல்லை.

பழக, ஒரே கதையை வெவ்வேறு நாட்களில் மூன்று பேருக்குச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல் உண்மையான எதிர்வினை எந்த இடத்தில் வந்தது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று முறையும் அது தண்ணீர் பாட்டிலில் வந்தது. அதற்கு முன்னால் இருந்ததையெல்லாம் மூன்று வாக்கியமாக்கினேன். முதல்முறை போல வாய்ஸ் மெசேஜில் பதிவு செய்தும் பார்க்கலாம், ஆனால் அதில் உம் இருக்காது. வெட்ட உதவும், வேகத்துக்கு உதவாது.

போன வாரம் உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன். பாட்டிலை ஓரமாக வைத்த இடத்திலேயே அவர் சிரித்துவிட்டார். "இரு இரு, நான் ஒரு தடவை யாரோ ஒருத்தர் வீட்டுக்குள்ளயே போயிட்டேன்" என்று தொடங்கினார். செருப்பைக் கழற்றி, சோபாவில் உட்கார்ந்து, டிவி ரிமோட்டைத் தேடியது வரை போனது அவர் கதை. என் காரின் சொந்தக்காரருக்கு மனைவி இருந்தது அவருக்கு இன்னும் தெரியாது.